பேட் எண்ணிக்கையை நம்பலாமா? மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்று வீட்டிலேயே கணக்கிடும் முறை

கல்குளம் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வீடு வீடாகப் போகும்போது பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "சிஸ்டர், எனக்குப் போறது கூடுதலா, இல்ல எல்லாருக்கும் இப்படித்தானா?" என்பது. ஒரு நாளைக்கு எத்தனை பேட் ஆகிறது என்று நான் திருப்பிக் கேட்டால் உடனே ஒரு எண் வரும். அந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது, அதற்குப் பதில் எதை எப்படிக் குறித்து வைக்க வேண்டும், எந்த இடத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு தாயையும் மகளையும் வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மாவுக்கு 39 வயது, முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் வேலை. மகளுக்கு 18 வயது, நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பு. அம்மா என்னைக் கூப்பிட்டது மகளுக்காக.

"இவளுக்கு ஒரு நாளைக்கு ஆறு பேட் ஆவுது சிஸ்டர், ஒருபாடு போவுது. எனக்கெல்லாம் நாலஞ்சுதான்."

"உங்களுக்குக் கட்டி கட்டியா போகுமா அக்கா?"

"அது போவும். எங்க அம்மைக்கும் அப்படித்தான் இருந்துது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை நிறுத்தியது. குடும்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் பெரும்பாடு இருந்தால், அந்த வீட்டில் அதுதான் சாதாரணம் என்று ஆகிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரும் இருப்பதில்லை. இருவரையும் அடுத்த மாதவிடாயின்போது குறித்து வைக்கச் சொன்னேன்.

முதலில்: எதைக் குறிக்க வேண்டும்

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் கணக்கு. ஆனால் வீட்டில் யாரும் மில்லி கணக்கில் அளக்க முடியாது. அதற்காக 1990இல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு படக் குறிப்பு அட்டவணை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பேடும் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் முறை அது. இன்றும் மகப்பேறு மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

மாற்றும் ஒவ்வொரு பேடையும் பேப்பரில் சுற்றுவதற்கு முன்னால் ஒரு நொடி பாருங்கள். நடுவில் மட்டும் லேசாகக் கறை இருந்தால் 1 மதிப்பெண். கறை நன்றாகப் பரவியிருக்கிறது, ஆனால் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்றால் 5. முன்னும் பின்னும் ஓரமும் எல்லாம் நனைந்து, இனி தாங்காது என்ற நிலையில் இருந்தால் 20. பாதி நனைந்ததற்கும் முழுக்க நனைந்ததற்கும் நடுவில் இத்தனை இடைவெளி ஏன் என்று தோன்றும். முழுக்க நனைந்த பேட் உள்ளே குடித்து வைத்திருக்கும் ரத்தம், மேலே தெரியும் கறையின் அகலத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் அந்த வித்தியாசம்.

கட்டிக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. அளவுக்கு நம் காசுகளையே வைத்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய்க் காசளவு கட்டி என்றால் 1. பத்து ரூபாய்க் காசளவோ அதைவிடப் பெரிதோ என்றால் 5. பத்து ரூபாய்க் காசின் அகலம் 27 மில்லிமீட்டர். மருத்துவர்கள் "பெரிய கட்டி" என்று சொல்லும்போது மனதில் வைத்திருக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். கழிப்பறையில் விழுந்த கட்டியையும் சேர்க்க வேண்டும். அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், கணக்கு குறைந்துபோக அது முக்கியமான காரணம்.

சேலையிலோ படுக்கையிலோ கசிந்தால் அந்த நாளின் பக்கத்தில் "கசிவு" என்று எழுதுங்கள். இரவில் பேட் மாற்ற எழுந்தால் அதையும் எழுதுங்கள். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

முதல் நாள் என்பது நன்றாகப் போக்கு தொடங்கிய நாள். அன்று முதல் நிற்கும் வரை எல்லா நாளும் கூட்டுங்கள். மொத்தம் 100ஐத் தாண்டினால், போனது 80 மில்லிக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம்.

தாயும் மகளும் எழுதிய கணக்கு

மகள் ஐந்து நாளில் 27 பேட் மாற்றியிருந்தாள். முதல் நாள் ஆறு பேட், அதில் நாலு லேசு, இரண்டு பாதி, ஆக 14. இரண்டாம் நாள் ஆறில் ஒன்று முழுசு, இரண்டு பாதி, மூன்று லேசு, ஆக 33. மூன்றாம் நாள் மறுபடியும் 14. நாலாம் நாள் ஐந்து லேசு, ஐந்தாம் நாள் நாலு லேசு, இரண்டும் சேர்த்து 9. மொத்தம் 70. கட்டி ஒன்றும் இல்லை. ஈரம் பிடிக்காது, பஸ்ஸில் கசிந்துவிடுமோ என்ற பயம், அதனால் அடிக்கடி மாற்றுகிறாள். உண்மையில் அவளுடைய போக்கு சாதாரணம்தான்.

அம்மாவுக்கு ஏழு நாளில் 25 பேட். மகளைவிட இரண்டு குறைவு. இப்போது அவர் எழுதியதைப் பாருங்கள்.

முதல் நாள் ஒன்று முழுசு, இரண்டு பாதி: 30.
இரண்டாம் நாள் நாலு முழுசு, ஒன்று பாதி, பத்து ரூபாய்க் காசளவில் மூன்று கட்டி: 100.
மூன்றாம் நாள் மூன்று முழுசு, இரண்டு பாதி, பெரிய கட்டி இரண்டு, சின்னது இரண்டு: 82.
நாலாம் நாள் ஒன்று முழுசு, மூன்று பாதி: 35.
ஐந்தாம் நாள் மூன்று பாதி: 15.
ஆறாம் ஏழாம் நாட்களில் லேசாக ஐந்து: 5.

மொத்தம் 267. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பக்கத்தில் "கசிவு" என்று எழுதியிருந்தது. ஆலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு அடிக்கடி எழ முடியாது. சாப்பாட்டு நேரத்தில்தான் மாற்ற முடியும். அதனால் இரண்டு பேடை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு போவார், அதை ஒன்றென்றே எண்ணிக்கொண்டிருந்தார். (இரட்டையாக வைத்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடச் சொன்ன பிறகு வந்த கணக்குதான் மேலே உள்ளது.) எத்தனை பேட் என்பது மாற்ற வசதி இருக்கிறதா, கையில் காசு இருக்கிறதா, பயமா சுத்தமா என்பதையெல்லாம் பொறுத்தது. எவ்வளவு நனைந்தது என்பதுதான் போக்கின் அளவைச் சொல்லும்.

இந்தக் கணக்கு எங்கே தவறும்

இது கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பு. அட்டவணை உருவான காலத்துப் பேடும் இப்போது கடையில் கிடைக்கும் ஜெல் பேடும் ஒன்றல்ல. மெலிதான ஜெல் பேட் ரத்தத்தைக் கீழே இழுத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் காய்ந்தது போலத் தெரியும். அப்படிப்பட்ட பேடைக் கையில் எடுத்துக் கனத்தையும் பாருங்கள். இரவுக்கென்று விற்கும் நீளமான பேட் முழுக்க நனைந்தால் அது 20 மதிப்பெண்ணைவிட அதிக ரத்தம். அதனால் ஒரு மாதம் முழுக்க ஒரே வகைப் பேடைப் பயன்படுத்தினால் கணக்கு நம்பும்படி இருக்கும்.

துணி உபயோகிப்பவர்களுக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது. துணியின் கனம், மடிப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. கணக்குக்காக ஒரே ஒரு மாதம் பேட் வாங்கிப் பார்க்கலாம். அது முடியாதென்றால், மடித்த துணி எத்தனை மணி நேரத்தில் அடிமடிப்பு வரை நனைகிறது என்று குறியுங்கள். மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். கப்பின் உள்ளே மில்லி கோடு இருந்தால் ஒவ்வொரு முறை கொட்டும்போதும் பார்த்து எழுதி, கடைசியில் கூட்டினால் போதும்.

இன்னொன்று, 100க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். வேலைக்குப் போக முடியவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அந்த நாட்களில் எங்கேயும் போகாமல் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது என்றால், மதிப்பெண் எதுவானாலும் மருத்துவரைப் பார்க்கலாம். இப்போது மருத்துவர்கள் அதிகப் போக்கு என்று முடிவு செய்யும்போது, அது உங்கள் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறார்கள். எட்டு நாளுக்கு மேல் நீண்டாலும் அது சாதாரணம் இல்லை.

கட்டியைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்

கருப்பைக்குள் ரத்தம் உறையாமல் இருக்க உடம்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. உறைந்ததைக் கரைக்கும் பொருள்கள் அங்கே வேலை செய்கின்றன. போக்கு வேகமானால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது, அப்போதுதான் கட்டி வெளியே வருகிறது. அதனால் பெரிய கட்டி அடிக்கடி வருகிறது என்றாலே போக்கு வேகம் என்று பொருள்.

காலையில் எழுந்து நின்றதும் கறுஞ்சிவப்பாக, ஜெல்லி போலச் சின்னதாக ஒன்று விழுந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருந்ததால் உள்ளே தேங்கியது அது. பகலிலும் நடக்கும்போது, வேலை செய்யும்போது பத்து ரூபாய்க் காசளவு திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு கதை.

நாள் தள்ளிப் போய், அதற்குப் பிறகு வலியோடு அதிகமாகப் போனால், சாம்பல் நிறத்தில் சதை போல ஏதாவது வந்தால், கர்ப்பமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணக்கெழுத நேரம் இல்லாத நிலை

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அன்றே மருத்துவமனை. அதோடு தலை சுற்றல், கண் இருட்டுதல், நெஞ்சு படபடப்பு, எழுந்தால் விழப்போவது போன்ற நிலை இருந்தால் 108க்கு அழையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் ரத்தப்போக்கு வந்தால் காத்திருக்கக் கூடாது. இரவில் மட்டும் இப்படி ஆனது, காலையில் பார்ப்போம் என்று படுத்தவர்களைத்தான் நாங்கள் மயங்கிய நிலையில் கொண்டுபோயிருக்கிறோம்.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே அளவு பார்க்கும் பேச்சே இல்லை.

யார் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், எது

கணக்கு 100ஐத் தாண்டிய யாரும், பெரிய கட்டி மாதா மாதம் வரும் யாரும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. முதலில் வேண்டியது முழு ரத்த அணுக் கணக்கு. சி.பி.சி. என்று கேட்டால் எந்த லேபிலும் தெரியும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. மாதவிடாய் நேரத்திலும் கொடுக்கலாம்.

அந்த ரிப்போர்ட்டில் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8க்குக் கீழே என்றால் கடுமையானது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்து எம்.சி.வி. என்ற வரி. அது சிவப்பணுவின் பருமன். 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்துவிட்டன, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். அது ரொம்பக் குறைந்திருந்தால் போக்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "ஹீமோகுளோபின் 12.2, நார்மல்தான்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். ஒரு மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 160 மில்லி போகிறவருக்கு 80 மில்லிகிராம் நஷ்டம். உணவிலிருந்து உடம்பு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதிலும் மற்றச் செலவுகள் இருக்கின்றன. பற்றாக்குறைக்கு உடம்பு சேமிப்பிலிருந்து எடுக்கிறது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். சேமிப்பைக் காட்டும் பரிசோதனைக்குப் பெயர் ஃபெரிட்டின். அது 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி. 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். சோர்வு, முடி கொட்டுதல், பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ் தின்னும் ஆசை எல்லாம் ஹீமோகுளோபின் இறங்கும் முன்பே வரலாம்.

ஃபெரிட்டினில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கும்போது அது பொய்யாக உயர்ந்து காட்டும். காய்ச்சல் வந்தால் குணமாகிச் சில வாரம் கழித்துக் கொடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். அங்கிருந்து தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளுக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். ஃபெரிட்டின் அங்கே கிடைக்காவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம் தனியார் லேபுகளில் செய்துகொள்ளலாம். பணம் இல்லையென்றால் சி.பி.சி.யோடு தொடங்குங்கள். அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வயதுக்கு வந்த முதல் மாதவிடாயிலிருந்தே அதிகமாகப் போகும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இருப்பது, பல் பிடுங்கிய பிறகு வெகுநேரம் கசிவது, லேசாக இடித்தாலும் கன்றிப்போவது இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். அது குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. "எங்க அம்மைக்கும் அப்படித்தான்" என்ற வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். இதற்கான பரிசோதனையை மருத்துவர்தான் எழுத வேண்டும், நாமாகக் கேட்டுச் செய்வது அல்ல.

அந்த அம்மாவுக்கு என்ன ஆனது

ஹீமோகுளோபின் 9.4, எம்.சி.வி. 71, ஃபெரிட்டின் 6. பல், மூக்கு பற்றிக் கேட்டதற்கு ஒன்றும் இல்லை. நாலைந்து வருஷமாகத்தான் கூடியிருக்கிறது, அதற்கு முன் சாதாரணம் என்று பேச்சில் தெரிந்தது. நோட்டை மருத்துவரிடம் நீட்டியதும் அவர் வேறு கேள்வி அதிகம் கேட்கவில்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். கருப்பையின் உள்சுவர்ப் பக்கம் சின்ன நார்க்கட்டி ஒன்று இருந்தது.

நார்க்கட்டி என்றதும் அந்த அக்கா அழுதுவிட்டார், கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்று. அது புற்றுநோய் அல்ல, எல்லா நார்க்கட்டிக்கும் அறுவை சிகிச்சை தேவையும் இல்லை. அவருக்குப் போக்கு நாட்களில் மட்டும் போட, போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும், தினமும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையை நீங்களாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இரும்பு மாத்திரையில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. காலையில் கட்டஞ்சாயா குடித்த கையோடு மாத்திரையைப் போட்டால் தேயிலை இரும்பை உறிஞ்சவிடாது. சாயாவுக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். எலுமிச்சைச் சாறோடு போடுவது நல்லது. மலம் கறுத்துப் போகும், அதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். வயிறு கலங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முருங்கைக்கீரையும் மீனும் நல்லவைதான், தினமும் சாப்பிடுங்கள். ஆனால் ஃபெரிட்டின் 6க்கு இறங்கிய பிறகு சாப்பாட்டால் மட்டும் அதைத் தூக்க முடியாது.

நோட்டை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாவது மாதக் கணக்கு 112. ஹீமோகுளோபின் 11.8. உடம்பு தேறிவிட்டது, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை போட வேண்டும், அதன் பிறகு ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். 112 என்பது இன்னும் 100க்கு மேல்தான், அதனால் அதே நோட்டோடு மருத்துவரை மறுபடி பார்க்க நாள் வாங்கியிருக்கிறோம்.